லெமன் கிராஸா, சிட்ரோனெல்லாவா? படத்தைப் பார்த்து அடையாளம் காண்பது எப்படி

கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர்களுக்கு விதைக்கரும்பு வாங்கும் முறை தெரியும். எந்த ஊர், யார் வயல், எத்தனை மாதப் பயிர் என்று நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் கரணைக்கு விலை பேசுவோம். லெமன் கிராஸ் எனப்படும் எலுமிச்சைப் புல்லுக்கு மட்டும் அப்படி நடப்பதில்லை. விற்பவர் எங்கோ தூரத்தில் இருப்பார். வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்புவார், நாம் பணம் அனுப்புவோம், சாக்கு மூட்டையில் சிம்பு வந்து சேரும்.

வந்தது எலுமிச்சைப் புல்தானா, அல்லது அதே இனத்தைச் சேர்ந்த சிட்ரோனெல்லா புல்லா என்பதில்தான் சிக்கல். இரண்டும் நட்ட மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி, அதாவது 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 சிம்பு வேண்டும். ஒரு முறை நட்டால் நான்கைந்து வருடம் அதையேதான் அறுத்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள். புல் மாறிப்போனால் அந்த நான்கைந்து வருடமும் சேர்ந்தே போகும். எலுமிச்சைப் புல் தைலம் கேட்ட வியாபாரி சிட்ரோனெல்லா தைலத்தை அந்தக் கணக்கில் எடுக்க மாட்டார். தேநீருக்குக் காய்ந்த இலை கேட்டவரிடம் சிட்ரோனெல்லா போனால் அது இன்னும் மோசம். அது குடிப்பதற்கான புல் அல்ல. சோப்புக்கும் கொசுவிரட்டிக்கும் தைலம் எடுக்கிற புல்.

சிட்ரோனெல்லா மட்டமான பயிர் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் வாங்குபவர்கள் உண்டு, தெரிந்து நட்டால் அதிலும் தவறில்லை. ஒன்றை நினைத்து இன்னொன்றை நடுவதுதான் நட்டம்.

முதலில் தெரிய வேண்டியது: எலுமிச்சைப் புல்லே இரண்டு வகை

இதைத் தெரிந்துகொள்ளாமல் படம் பார்ப்பதால்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். "அடி சிவப்பாக இருந்தால் சிட்ரோனெல்லா, வெள்ளையாக இருந்தால் லெமன் கிராஸ்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பாதிதான் சரி.

வீட்டுத் தோட்டத்திலும் தேநீர்க் கடைகளிலும் நாம் பார்க்கும் எலுமிச்சைப் புல் சிம்போபோகன் சிட்ரேட்டஸ் என்ற வகை. அதன் அடித்தண்டு வெளிறிய பச்சையும் வெள்ளையுமாக, கொஞ்சம் உப்பலாக இருக்கும். இதை இந்தக் கட்டுரையில் சமையல் வகை என்று சொல்லிக்கொள்வோம்.

தைலத்துக்காக ஏக்கர் கணக்கில் நடுவது பெரும்பாலும் இன்னொரு வகை, சிம்போபோகன் ஃபிளெக்சுவோசஸ். கேரளத்தில் இதை இஞ்சிப்புல் என்பார்கள். அதில் வடிக்கும் எண்ணெய்க்குப் புல்தைலம் என்று பெயர். எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் உள்ள நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சுகந்தி என்ற ஓ.டி.19 ரகம் இந்த வகைதான். தமிழ்நாட்டில் தைலத்துக்குப் பரிந்துரைக்கப்படும் ரகங்களில் இதுவும் ஒன்று. இந்த ரகத்துக்கு அடித்தண்டு சிவப்பு.

அதனால் "அடி சிவப்பு, ஆகவே சிட்ரோனெல்லா" என்று முடிவு கட்டினால் நல்ல ஓ.டி.19 நாற்றைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். இன்னொரு பக்கம், "தைல ரகம் சிவப்பாகத்தான் இருக்கும்" என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டால் சிட்ரோனெல்லா உங்கள் வயலுக்கு வந்துவிடும். வெள்ளை அடி என்றால் கேள்வி அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். சிவப்பு அடி என்றால் கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது.

சிட்ரோனெல்லாவிலும் ஜாவா வகை, சிலோன் வகை என்று இரண்டு உண்டு. ஜாவா வகையைச் சிங்களத்தில் மகா பெங்கிரி என்றும், சிலோன் வகையை லெனபட்டு என்றும் சொல்வார்கள். ஜாவா வகை என்று பெயர் இருந்தாலும் அதுவும் இலங்கையிலிருந்து ஜாவாவுக்குப் போனதுதான். இந்தியாவில் தைலத்துக்கு நடுவது ஜாவா வகை. கீழே சிட்ரோனெல்லா என்று சொல்வதெல்லாம் அதைத்தான்.

இலையின் நிறம்: உதவும், ஆனால் ஏமாற்றும்

சமையல் வகையின் இலை சாம்பல் பூத்த நீலப்பச்சை. முருங்கைக் கீரையின் பச்சை போல இராது, வெங்காயத் தாளின் பச்சை போல இருக்கும். இலையின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருப்பதால்தான் அந்தச் சாம்பல் நிறம். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் கரும்பச்சையாகத் தெரியும். சிட்ரோனெல்லாவின் மேல்பக்கம் பொதுவாகத் தெளிவான பச்சை, சில சமயம் மஞ்சள் கலந்த பச்சை. இலையும் சற்று அகலம்.

நேரில் இந்த வித்தியாசம் தெரியும். படத்தில் சந்தேகம்தான். செல்போன் கேமரா தானாக நிறத்தைக் கூட்டும், குறைக்கும். மாலை வெயிலில் எடுத்தால் எல்லாப் புல்லும் மஞ்சள் அடிக்கும். நிழலில் எடுத்தால் எல்லாம் நீலம் பாயும். தழைச்சத்து குறைந்த எலுமிச்சைப் புல் வெளிறி மஞ்சளாகிவிடும். காய்ச்சலில் நின்றாலும் பனி பட்டாலும் இலை நுனி செம்மண் நிறத்துக்குப் போகும். நுனிச் சிவப்பைப் பார்த்துச் சிட்ரோனெல்லா என்று சொல்லிவிடாதீர்கள். அது பயிரின் வாட்டம்தான், அதை வைத்து வகை சொல்ல முடியாது.

அதனால் இலைப் படம் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: காலை ஒன்பது, பத்து மணி வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் இலையைப் போட்டு, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் இலையின் நிறத்தையும் நம்பலாம். தாளே மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்தப் படத்தில் நிறம் பேசிப் பயனில்லை. இலையின் மேல்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம் வேண்டும். இந்த இனத்துப் புற்களில் அடிப்பக்கம் வெளிறித் தெரிவது உண்டு என்பதால் மேல்பக்கத்தை மேல்பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

நிறத்தைவிட இலை நிற்கும் விதம் படத்தில் நன்றாகத் தெரியும். முழுத் தூரையும் பக்கவாட்டிலிருந்து, தரை மட்டத்தில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று வாங்குங்கள். சிட்ரோனெல்லா இலை நீளத்தில் பாதிக்கு மேல், பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு, வளைந்து தொங்கும். வளர்ந்த தூர் நீரூற்று போலக் கவிழ்ந்து நிற்கும். எலுமிச்சைப் புல்லும் நுனியில் வளையும், ஆனால் அந்த அளவுக்குக் கவிழாது. இந்த அடையாளம் வளர்ந்த தூருக்குத்தான் பொருந்தும். அறுவடை செய்து ஒரு மாதம் ஆன வயலில் எல்லாமே நிமிர்ந்துதான் நிற்கும்.

தூரின் அடி: மண்ணைக் கழுவிவிட்டுப் பாருங்கள்

விற்பவர்கள் அனுப்பும் படங்களில் அநேகமாக அடி தெரியாது. காய்ந்த சோகையும் மண்ணும் மூடியிருக்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு சிம்பைப் பிடுங்கி, காய்ந்த இலை உறைகளை உரித்துவிட்டு, தண்ணீரில் கழுவி, வேரிலிருந்து ஒரு சாண் உயரம் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.

சமையல் வகையின் அடி உருண்டு, உப்பி, வெங்காயத் தாளின் அடிபோல இருக்கும். இலை உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கமாகச் சுற்றியிருக்கும். நிறம் வெள்ளை, மேலே போகப்போக வெளிர்பச்சை. விரலால் அழுத்தினால் சாறு உள்ளது தெரியும். சிட்ரோனெல்லாவின் அடி ஒல்லியாகவும் விறைப்பாகவும் இருக்கும். வெளியே கருஞ்சிவப்பு அல்லது பீட்ரூட் சாயம் பூசியது போன்ற நிறம் இருக்கும். உரித்த இலை உறையின் உள்பக்கமும் சிவந்திருக்கும்.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. சமையல் வகைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே மெல்லிய ஊதா வளையம் தெரிவது உண்டு. காய்கறிக் கடையில் வாங்கும் தண்டிலேயே அதைப் பார்க்கலாம். அந்த வளையத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளிப்புறம் முழுவதும் சிவந்து, அடி ஒல்லியாகவும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நிறம், வடிவம் இரண்டில் நான் வடிவத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கேமரா நிறத்தை மாற்றும், உப்பலான அடியை ஒல்லியாக்காது.

அடி உப்பலும் வெள்ளையும் என்றால் சமையல் வகை என்று எடுத்துக்கொள்ளலாம். அடி சிவப்பும் ஒல்லியும் என்றால் சிட்ரோனெல்லாவாகவும் இருக்கலாம், ஓ.டி.19 போன்ற சிவப்புத் தண்டு எலுமிச்சைப் புல்லாகவும் இருக்கலாம். இதற்கு மேல் எத்தனை படம் வாங்கினாலும் முடிவு தெரியாது. வாசனைதான் சொல்ல வேண்டும்.

பூங்கதிர் தெரியும் படம் இருந்தால் ஒரு சிறு உதவி கிடைக்கும். சமையல் வகை நம் பகுதியில் பூப்பது மிக அரிது. "தேநீர் வகை" என்று சொல்லி விற்கும் வயலில் கதிர் ஆடிக்கொண்டிருந்தால் அது அந்த வகை அல்ல என்று சந்தேகப்படலாம்.

வாசனையைப் படத்தில் எப்படிப் பார்ப்பது?

படம் மணக்காது. ஆனால் அடுத்த முனையில் மூக்கு உள்ள ஒரு மனிதர் இருக்கிறார். அவரிடம் சரியான கேள்வி கேட்டால் போதும். "லெமன் வாசனை வருதா?" என்று கேட்காதீர்கள். வருகிறது என்றுதான் சொல்வார், பொய்யும் அல்ல. சிட்ரோனெல்லாவைக் கசக்கினாலும் முதல் நொடியில் எலுமிச்சை போலத்தான் இருக்கும்.

எலுமிச்சைப் புல் தைலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிட்ரல் என்ற ஒரே பொருள். எலுமிச்சைத் தோலுக்கு வாசனை தருவதும் அதுதான். அதனால் கசக்கிய இலையின் வாசனை ஆரம்பம் முதல் கடைசி வரை எலுமிச்சைத் தோலாகவே இருக்கும். சிட்ரோனெல்லாவில் சிட்ரோனெல்லால், ஜெரானியால், சிட்ரோனெல்லோல் மூன்றும் கலந்திருக்கின்றன. ஜெரானியால் ரோஜா வாசனைக்காரப் பொருள். எனவே முதல் எலுமிச்சை அடங்கியதும் சோப்பு வாசனை, கொசுவிரட்டி எண்ணெய் வாசனை, பின்னால் ஒரு இனிப்பான பூ வாசனை என்று மாறும். அரை நிமிடம் கழித்து மீண்டும் முகர்ந்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

இப்படிக் கேளுங்கள்: "ஒரு இலையை நன்றாகக் கசக்கி அரை நிமிடம் கழித்து முகருங்கள். எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறினால் வரும் வாசனையா, குளியல் சோப்பு வாசனையா, கொசுவத்தி எண்ணெய் வாசனையா?" மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அவர் யோசித்துச் சொல்வார். முடிந்தால் வீட்டில் உள்ள வேறு ஒருவரையும் முகரச் சொல்லுங்கள். எது லெமன் கிராஸ் என்று தெரியாத பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

விற்பவர் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் ஐந்தாறு சிம்பை மாதிரியாகக் கூரியரில் வாங்குங்கள். வந்ததும் நீங்களே பாருங்கள். இலையைத் துண்டாக்கி ஒரு டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். இன்னொரு டம்ளரில் எலுமிச்சைத் தோல் போட்டு அதே போலச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மாறி மாறி முகருங்கள். எது என்று உறுதியாகாத புல்லைக் குடித்துப் பார்க்க வேண்டாம், முகர்ந்தால் போதும். இரண்டு மூன்று முறை முகர்ந்ததும் மூக்கு மரத்துவிடும். அப்போது வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து பாருங்கள்.

படத்தின் கீழே எழுதியிருப்பதும் ஒரு துப்பு. "கொசு வராது", "பாம்பு வராது" என்று விளம்பரம் இருந்தால் அங்கே சிட்ரோனெல்லாவுக்கு வாய்ப்பு அதிகம். தேநீர், ரசம், காய்ச்சலுக்குக் கஷாயம் என்று எழுதியிருந்தால் அவர் மனதிலாவது எலுமிச்சைப் புல் இருக்கிறது என்று பொருள். இதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

ஒரு உதாரணம்

கோமுகி அணைப் பக்கம் உங்களுக்கு அரை ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது, தைலத்துக்காக எலுமிச்சைப் புல் நட 7,500 சிம்பு தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓ.டி.19 என்று சொல்லி நான்கு படம் அனுப்புகிறார்.

முதல் படம் மாலை வெயிலில் எடுத்த முழு வயல். பச்சைப் பசேல் என்று அழகாக இருக்கிறது. நமக்கு அதில் பயன் இல்லை. இரண்டாவது, தலையை வெட்டிச் சாக்கில் கட்டிய சிம்புகள். நடவுச் சிம்பில் இலையை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுவதால் இலை பற்றிய எந்த அடையாளமும் மிஞ்சாது. ஆனால் அடி தெரிகிறது: ஒல்லி, கருஞ்சிவப்பு. ஆகவே சமையல் வகை அல்ல. அவர் சொன்னது ஓ.டி.19 என்பதால் இதுவரை முரண் இல்லை. மூன்றாவது படத்தில் கையில் ஒரு இலை, பக்கத்தில் அளவுக்கு ஒன்றும் இல்லை. நான்காவது ஒரு தைல பாட்டில். எந்தப் புல்லின் தைலம் என்று பாட்டிலைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் இரண்டு படமும் ஒரு வீடியோவும் திரும்பக் கேட்கிறீர்கள். வெள்ளைத் தாளில் அடிக்கோலுடன் வந்த இலை மஞ்சள் கலந்த பச்சை, நடுப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பக்கவாட்டில் எடுத்த தூர் பாதிக்கு மேல் கவிழ்ந்து கிடக்கிறது. உரித்த இலை உறையின் உட்புறம் சிவப்பு. ஒவ்வொன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது, ஆனால் மூன்றும் சிட்ரோனெல்லா பக்கமே சாய்கின்றன. வீடியோவில் கசக்கி முகர்ந்தவர், "எலுமிச்சைதாங்க... கொஞ்சம் சோப்பு மாதிரி இருக்கு" என்கிறார். இந்த இடத்தில் பணம் அனுப்பாமல் மாதிரிச் சிம்பு கேட்க வேண்டும். மாதிரி வந்து, வெந்நீர் டம்ளரிலும் சோப்பு வாசனையே வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இதே சிவப்பு அடியோடு, இலை இதைவிட ஒடுக்கமாகவும் நிமிர்ந்தும் இருந்து, அரை நிமிடம் கழித்தும் எலுமிச்சைத் தோல் வாசனையே நின்றிருந்தால் நீங்கள் துணிந்து வாங்கலாம்.

கலப்பு வந்தால்

முழு மூட்டையும் மாறி வருவதைவிடக் கலந்து வருவதுதான் கண்டுபிடிக்கச் சிரமம். இரண்டு புல்லும் வைத்திருக்கும் நாற்றங்காலில் வரப்போரத் தூர்கள் கலந்துவிடும். மூட்டை வந்ததும் மேலே உள்ள கட்டை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சிம்பை உருவி, வெட்டிய இலை நுனியைக் கசக்கிப் பாருங்கள். சந்தேகமான கட்டைத் தனியாக ஒரு பாத்தியில் நடுங்கள், வயலில் சேர்க்காதீர்கள்.

நட்டுவிட்ட பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எலுமிச்சைப் புல்லில் முதல் அறுப்பு ஏறத்தாழ 90 நாளில் வரும். அதற்கு முன் வரிசை வரிசையாக நடந்து, கவிழ்ந்து நிற்கும் தூர், அடி நிறம் மாறிய தூர் எல்லாவற்றிலும் ஒரு இலையைக் கசக்கி முகருங்கள். வேறு வாசனை வந்தால் அந்தத் தூரை வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள். முதல் அறுப்புக்குப் பிறகு இரண்டும் மொட்டையாக நிற்கும், பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடும். அடுத்த வருடம் அதே தூரைப் பிரித்து நீங்களே சிம்பு எடுத்தால் கலப்பும் பெருகும்.

விதையிலிருந்து வளர்த்த நாற்று என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். இஞ்சிப்புல் வகை விதையில் வரும், ஆனால் விதையில் வந்த செடிகள் ஒன்றுபோல இருக்காது. நிறமும் வாசனையும் செடிக்குச் செடி மாறும். அங்கே மேலே சொன்ன அடையாளங்களும் பிசகும். ரகம் பெயர் சொல்லி வாங்குகிறீர்கள் என்றால் தூர் பிரித்த சிம்பாகவே கேளுங்கள்.

கல்வராயன் மலைச் சரிவில் தானாக முளைத்து நிற்கும் வாசனைப் புல்லைப் பிடுங்கி வந்து நடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இதே இனத்தைச் சேர்ந்த காட்டுப் புற்கள் பல உண்டு. கசக்கினால் மணக்கும் என்பதற்காக அவை எலுமிச்சைப் புல்லும் அல்ல, சிட்ரோனெல்லாவும் அல்ல. அவற்றின் தைலத்தை இந்த இரண்டு பெயரிலும் விற்க முடியாது.

மூக்குக்கும் கண்ணுக்கும் பிடிபடாத சந்தேகம் என்றால் தைலத்தைத்தான் சோதிக்க வேண்டும். சிம்பு வாங்கப் போகும் வயலில் ஏற்கெனவே தைலம் வடிக்கிறார்கள் என்றால் அவர்களிடம் சோதனை அறிக்கை கேளுங்கள். அதில் சிட்ரல் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எலுமிச்சைப் புல். சிட்ரோனெல்லால் 30 சதவீதத்துக்கு மேல் இருந்து, ஜெரானியாலும் கணிசமாக இருந்தால் சிட்ரோனெல்லா. அறிக்கை இல்லாதவரிடம் பெரிய அளவில் வாங்குவதானால் மாதிரித் தைலத்தைச் சோதனைக்கு அனுப்பிய பிறகு முன்பணம் கொடுங்கள். எங்கே அனுப்பலாம் என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம். போகும்போது கழுவிய ஒரு சிம்பையும், வெட்டாத முழு இலைகள் நான்கையும் ஈரத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.